உதடு சொல்லும் கணக்கு

இந்திப் படத்துக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதும்போது, ஒவ்வொரு காட்சியையும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பேன். உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே குவிகிறது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும். ப, ம வந்தால் உதடு ஒட்டியாக வேண்டும்; ஓ, ஊ வந்தால் குவியும். க, ச, த, ந எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுபவை. அவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது.

க்ளோஸப்பில் ஒரு மனைவி கணவனிடம், "முஜே... மாஃப் கர் தோ" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சப்டைட்டிலாக இருந்தால் "என்னை மன்னித்துவிடு" போதும். கண் ஒரு நொடியில் படித்துவிடும். வாயால் சொல்ல அது நீளம். பேச்சுத் தமிழில் "என்ன... மன்னிச்சிடு" என்றால் பாதி வேலை முடிகிறது. 'முஜே' இரண்டு அசை, 'என்ன'வும் இரண்டு அசை. இடைவெளி அப்படியே நிற்கிறது. அதன்பின் 'மாஃப்' என்று உதடு ஒட்டித் திறக்கும் இடத்தில் நம் 'ம' சரியாக விழுகிறது. 'முஜே'யின் 'மு'வுக்கு நம்மிடம் ஜோடி இல்லை. ஆனால் பேசத் தொடங்கும் முன் வாய் எப்படியும் மூடித்தான் இருக்கும் என்பதால் அது உறுத்தாது.

கடைசி அசைதான் உறுத்தும். 'தோ'வில் அவள் உதடு நன்றாகக் குவிகிறது. 'டு' என்று எழுதினாலும், பேசும்போது அந்தக் கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதில்லை. "என்ன... மன்னிச்சுக்கோ" என்று மாற்றினால் 'கோ' குவிந்து முடிகிறது. இந்தியைவிட நடுவில் ஓர் அசை கூடினாலும் 'னிச்சு' வேகமாக ஓடிவிடும்.

அடுத்தது மரியாதை. இந்தியில் 'கர் தோ' என்பது 'தும்' போட்டுப் பேசும் வடிவம், ஏறக்குறைய நம் 'நீ' மாதிரி. தமிழில் இதே மனைவி படம் முழுக்க "வாங்க, போங்க" என்று பேசியிருந்தால், இங்கே மட்டும் "மன்னிச்சுக்கோ" என்பது காதில் இடிக்கும். "மன்னிச்சுக்கோங்க" என்றால் அவள் வாய் நின்ற பிறகும் 'ங்க' மிச்சமிருக்கும். அப்போது ஷாட் எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பேன். 'தோ' முடிந்ததும் கணவனின் முகத்துக்குப் போனால் பிரச்சினையே இல்லை, 'ங்க' அவன் முகத்தின் மேல் விழட்டும். அவள் முகத்திலேயே ஷாட் நின்றால் 'என்ன'வை எடுத்துவிட்டு வேறு வாக்கியம்தான் தேட வேண்டும்.

சத்தம் படத்துக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தினால் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. முந்தினால் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். அதனால் சந்தேகம் வரும் இடத்தில், குரல் கொடுப்பவரை ஒரு துளி தாமதமாகவே தொடங்கச் சொல்வேன்.

எழுதியதை முணுமுணுத்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முணுமுணுப்பில் எல்லா வசனமும் அடங்கிவிடும். அழுதுகொண்டே சொல்லும் வசனம் என்றால், மூச்சு வாங்கி, அந்த அழுகையோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ரெக்கார்டிங்குக்கு அனுப்புவேன்.