எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது

"ஒண்ணு எடுத்தோம், ஒண்ணு போட்டோம். எண்ணிக்கை மாறலையே, அப்புறம் என்ன?"

இதைச் சொன்னது நான்தான். கேள்வி கேட்டவர் எங்கள் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் பொறியாளர். நான் பதில் சொன்னதும் "சரி சார்" என்று தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த "சரி சார்" எப்படி ஒலித்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒப்புக்கொண்டதாக அது ஒலிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் கேட்டது.

அவர் கேட்டது ஒரு ஐந்து பேனல் டிரஸ்ஸைப் பற்றி, குழாய்களைக் கோத்துச் செய்கிற சட்டகம். டாப் கார்டும் பாட்டம் கார்டும் இணையாகப் போகும், பேனலுக்கு ஒரு டயகனல். ஜாயிண்ட் 12. கார்டு துண்டுகள் 10, வெர்ட்டிகல் 6, டயகனல் 5, ஆக மெம்பர் 21. ஒரு முனையில் பின், மறு முனையில் ரோலர், எனவே ரியாக்‌ஷன் 3. தெரியாத விசைகள், மெம்பரும் ரியாக்‌ஷனுமாக m + r, 24; ஜாயிண்ட்டுக்கு இரண்டு வீதம் சமன்பாடுகள், அதாவது 2j, அதுவும் 24. பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி சமன்பாடுகளை வைத்தே எல்லா விசையையும் கண்டுபிடித்துவிடக்கூடிய, சுத்தமான டிடர்மினேட் டிரஸ்.

அப்புறம் நடு பேனல் வழியாக ஒரு டக்ட் போக வேண்டும் என்று வந்தது. டயகனல் இருந்தால் டக்ட் போகாது. நான் நடு டயகனலை எடுத்துவிட்டு, இரண்டாவது பேனலில் இன்னொரு டயகனலைப் போட்டு அங்கே குறுக்குக்கட்டாக்கினேன். ஏன் இரண்டாவது பேனல் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: மெம்பர் 21 ஆகவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருபதாகக் குறைந்தால் m + r = 23, அது 24-க்குக் கீழே, அன்ஸ்டேபிள். 21 என்றால் பிழைத்தோம். கணக்குப் பிள்ளை வரவையும் செலவையும் நேர் செய்கிற மாதிரி நேர் செய்துவிட்டேன்.

அவர் இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தார். இரண்டையும் அன்றைக்கே கையால் போட்டுப் பார்த்திருந்தார். முதலாவது: "சார், இடது பக்கத்திலிருந்து ஜாயிண்ட் ஜாயிண்ட்டா போட்டுக்கிட்டு வந்தா ரெண்டாவது பேனல்ல மாட்டிக்குது. ரெண்டு டயகனலும் தெரியாதது, சமன்பாடு ஒண்ணு குறையுது. டிடர்மினேட்னா அப்படி மாட்டக் கூடாதில்லையா?" நான் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். குறுக்குக்கட்டுக்கு எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். இரண்டாவது: "நடு பேனல்ல வெட்டிப் பார்த்தா செங்குத்துச் சமன்பாட்டுல தெரியாதது எதுவுமே இல்ல. பூஜ்யம் சமம் பூஜ்யம்னு வருது." அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் மோசம்: "பூஜ்யம்னு வந்தா நல்லதுதானே, சமநிலையில இருக்கு."

இப்போது திரும்பிப் பார்த்தால், பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. ஓரிடத்தில் தெரியாதது ஒன்று அதிகம், இன்னோரிடத்தில் ஒன்று குறைவு. மொத்தத்தில் எண்ணினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். m + r − 2j பூஜ்யம் என்றால் உபரியும் இல்லை, தளர்வும் இல்லை என்று நான் படித்துக்கொண்டேன். உண்மையில் அது சொல்வது, உபரியும் தளர்வும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன என்பதுதான். பூஜ்யமும் பூஜ்யமுமாக இருக்கலாம், ஒன்றும் ஒன்றுமாகவும் இருக்கலாம். மேக்ஸ்வெல் 1864-இல் இந்த எண்ணிக்கை விதியை எழுதியபோதே விதிவிலக்கு உண்டு என்று சொல்லிவிட்டார். நூற்றாண்டுக்கு மேல் பழைய எச்சரிக்கை அது.

நடு பேனலில் ஏன் பூஜ்யம் வந்தது என்பது இதைவிட ஏமாற்றுகிற விஷயம். உள் ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் 10 கிலோநியூட்டன், முனைகளில் 5 என்று முழுச் சுமை வைத்தோம். மொத்தம் 50, இரண்டு பக்கமும் 25 ரியாக்‌ஷன். ஒவ்வொரு பேனலும் கடத்த வேண்டிய செங்குத்து விசைதான் ஷியர்; இடமிருந்து அது 20, 10, பூஜ்யம், பிறகு அதே எண்கள் எதிர்க்குறியில். ஐந்து என்பது ஒற்றைப்படை, சுமை சமச்சீர், அதனால் நடு பேனலில் ஷியரே இல்லை. ஷியரைத் தாங்க வேண்டிய டயகனல் அங்கே இல்லை, தாங்குவதற்கான விசையும் அங்கே இல்லை. நான்கோ ஆறோ பேனல் இருந்திருந்தால், டயகனலை நீக்குகிற பேனல் எதுவானாலும் அங்கே முழுச் சுமைக்கே ஷியர் இருந்திருக்கும். கணக்கு முதல் நாளே உடைந்து அவர் கையில் ஆதாரமாக நின்றிருக்கும், நானும் வாயை மூடியிருப்பேன். ஒற்றைப்படை என் பக்கம் நின்றது. அல்லது எனக்கு எதிராக.

ஒரு பக்கம் மட்டும் சுமை வந்தால் என்ன என்று பார்த்திருந்தால் போதும். இடது மூன்று ஜாயிண்ட்டில் மட்டும் 5, 10, 10. வலது ரியாக்‌ஷன் 6, இடது 19. நடுவில் வெட்டினால் இடது துண்டில் மேலே 19, கீழே 25. மீதி 6 கிலோநியூட்டனை வெட்டுப்பட்ட மெம்பர்களில் ஒன்று எடுக்க வேண்டும். வெட்டுப்பட்டவை இரண்டு கார்டுகள், இரண்டும் கிடையாகப் படுத்திருக்கின்றன. இப்போது பூஜ்யம் சமம் 6 என்று வருகிறது. அது சமன்பாடே இல்லை.

எங்களுக்கு இதைச் சொன்னவர் வெளியிலிருந்து வரைபடத்தைச் சரிபார்த்தவர். நீளமாக எதுவும் எழுதவில்லை. நடு பேனலைச் சிவப்பில் வட்டமிட்டு, "இங்கே ஷியரை எது எடுக்கிறது?" என்று ஒரே வரி. எண்ணிக்கையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் நான் செய்தது, இன்னொரு முறை எண்ணியது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை. 21, 3, 12. மறுபடியும் 24. அதற்கப்புறம்தான் துண்டுகளாக எண்ணத் தோன்றியது. இடது இரண்டு பேனல்களைத் தனியாக எடுத்தால் ஜாயிண்ட் 6; விறைப்பாக நிற்க 2 × 6 − 3, அதாவது 9 மெம்பர் போதும். அங்கே 10 இருக்கிறது. வலது இரண்டு பேனல்களிலும் ஜாயிண்ட் 6, மெம்பர் சரியாக 9. ஆக விறைப்பான இரண்டு கட்டிகள், நடுவில் அவற்றைச் சேர்க்கும் இரண்டு கார்டு துண்டுகள். ஒரு கட்டிக்கு மூன்று வீதம் ஆறு நகர்வுகளைத் தடுக்க வேண்டும். தடுப்பதற்கு ரியாக்‌ஷன் 3, இணைப்பு 2. மொத்தம் 5. ஒன்று குறைகிறது. நடு பேனல் இணைகரமாகச் சாய, கட்டிகள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பும்.

இங்கேதான் எனக்கு ஒரு வாதம் கிடைக்கிறது, அதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. எண்ணிக்கை பொய் சொல்லவில்லை, நான் எண்ணியதுதான் தப்பு. கட்டிகளாக எண்ணியிருந்தால் அதே எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் எதைக் கட்டியாக எடுப்பது என்று தெரிய வேண்டுமென்றால் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தவருக்கு டயகனல் இல்லாத பேனல் கண்ணில் பட்டுவிடும், எண்ணவே வேண்டாம். அவர் பார்த்தார், அதனால்தான் கேட்டார்.

தாங்கிகள் விஷயத்தில் நாம் இப்படி ஏமாறுவதில்லை என்பது வேடிக்கை. மூன்று ரோலர் வைத்து, மூன்றும் செங்குத்தாக மட்டும் தாங்கினால், ரியாக்‌ஷன் மூன்று இருந்தும் பக்கவாட்டில் தள்ளினால் ஓடிவிடும் என்பது மாணவனுக்கே தெரியும். அதே கேள்வியை டிரஸ்ஸுக்கு உள்ளே கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சரிபார்த்தவருக்கு அன்று மாலை பதில் எழுதினேன். கார்டுகள் ஒரே நீளமாகத் தொடர்பவை, ஜாயிண்ட்டுகள் வெல்டு செய்யப்பட்டவை, எனவே இது பின் ஜாயிண்ட் டிரஸ்ஸே அல்ல, ஃபிரேம் என்று. ஃபிரேமாக எண்ணினால் 3m + r = 66, 3j = 36. முப்பது டிகிரி இன்டிடர்மினேட். பின் என்று எடுத்தால் நிற்காதது, விறைப்பு ஜாயிண்ட் என்று எடுத்தால் முப்பது உபரி. வரைபடம் அதேதான். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நடு பேனல் ஷியரைக் கார்டுகள் வளைந்து எடுக்கும், இடிந்து விழாது.

ஆனால் டக்டுக்காக டயகனலை எடுத்தபோது நான் அப்படி நினைக்கவில்லையே. கார்டை அச்சு விசைக்கு மட்டும்தான் தேர்வு செய்திருந்தோம். பேனல் நீளம் 1.5 மீட்டர். 6 கிலோநியூட்டனை இரண்டு கார்டுகளும் பாதி பாதியாக எடுத்தால் ஆளுக்கு 3, வளைவு நடுவில் திரும்பும், முனையில் மோமென்ட் 3 × 0.75 = 2.25 கிலோநியூட்டன் மீட்டர். நாங்கள் போட்டிருந்தது 60 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 4 மில்லிமீட்டர் தடிமன். வளைவினால் மட்டும் சுமார் 150 மெகாபாஸ்கல் வருகிறது. அதே சுமைக்கு அச்சு விசையால் வருவது சுமார் 20. எதற்காகத் தேர்வு செய்தோமோ அதைப்போல ஏழு மடங்குக்கு மேல், எதை யோசிக்கவே இல்லையோ அதிலிருந்து வருகிறது. முப்பது உபரி இருக்கிறது என்பது இந்த இடத்தில் எந்த ஆறுதலும் தரவில்லை.

வேகத்தில் செய்துவிட்டேன், இடத்தில் ஏறுவதற்கு முன் பிடிபட்டது, சேதம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சில நாள் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் "பூஜ்யம்னு வந்தா நல்லதுதானே" என்பது நினைவுக்கு வருகிறது. அதை வேகம் என்று சொல்ல முடியாது. சூத்திரத்தைக் காட்டி ஒருவரை உட்கார வைத்தேன்.

நடு பேனலின் கார்டுகளையும் அதன் இரு பக்க வெர்ட்டிகல்களையும் மோமென்ட்டுக்குத் தாங்குகிற மாதிரி பெரிதாக்கி, நான்கு மூலை வெல்டையும் மாற்றினோம். கணக்கை அவர்தான் போட்டார், ஒரு பக்கச் சுமையை முதலில் வைத்து. நான் சொல்லித்தான் அப்படி வைத்தாரா, தானாகவே வைத்தாரா என்று கேட்கவில்லை. அவரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. தாளை என் மேசையில் வைத்தபோது, "ரெண்டாவது பேனல்ல அந்த எக்ஸ்ட்ரா டயகனல் இன்னும் வேணுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வெட்டி முடித்துவிட்டார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். 24 வர வேண்டும் என்பதற்காக நான் போட்ட டயகனல் அது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.