கரண்ட் வந்தும் எழும்பாத சேர்வர்

கல்முனையில் கணக்காளராக இருக்கும் அக்கா ஒருவருடைய வீட்டுச் சேர்வரை மட்டக்களப்பில் இருந்தே பராமரிக்கிறேன். போன மாரியில் ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அழைத்தார்: “தம்பி, ஊரெல்லாம் கரண்ட் வந்திட்டு, இந்தப் பெட்டி மட்டும் எழும்பல்ல.”

யூபிஎஸ் தன் வேலையைச் செய்திருந்தது. லினக்ஸும் ஒழுங்காகவே அணைந்திருந்தது. சிக்கலே அதுதான். பயாஸில் மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் `Last State` என்று இருந்தது. வயரைப் பிடுங்கியது போலக் கரண்ட் போயிருந்தால் கடைசி நிலை ‘இயங்கியது’, தானாக எழும்பியிருக்கும். முறையாக அணைத்ததால் கடைசி நிலை ‘அணைந்தது’, அப்படியே கிடந்தது. அதை `Power On` என்று மாற்ற வேண்டும்.

அது மட்டும் போதாது. அணைக்கும் வேலை நடக்கும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், யூபிஎஸ் இடைவிடாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் போய் வந்ததாகப் பெட்டிக்குத் தெரியாது, அதனால் எழும்பாது. ஆகவே லினக்ஸ் அணைந்து முடியும் கடைசிக் கட்டத்தில், யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை ஒருமுறை வெட்ட வேண்டும். யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருளான நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸில் இந்தக் கட்டளையை அனுப்புவது `upsdrvctl shutdown`. கரண்ட் வந்திருந்தால் யூபிஎஸ் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும். வராவிட்டால் வரும்வரை அணைந்தே இருக்கும்.

எப்போது அணைப்பது என்பதையும் மாற்றினேன். பற்றரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொல்லும்வரை காத்திருப்பதே வழமை. மலிவான யூபிஎஸ்கள் பல, வோல்டேஜைப் பார்த்துத்தான் மீதியை ஊகிக்கின்றன. பற்றரி பழசானால் அறிவிப்பு வந்த கையோடு எல்லாம் போய்விடும். அதனால் `upssched.conf` இல் நேரக்கணக்கு வைத்தேன்:

```
AT ONBATT * START-TIMER onbatt 300
AT ONLINE * CANCEL-TIMER onbatt
```

ஐந்து நிமிடத்துக்குள் கரண்ட் வராவிட்டால் `CMDSCRIPT` இல் உள்ள ஸ்கிரிப்ட் `upsmon -c fsd` என்று அழைத்து, அணைக்கும் வேலையைத் தொடக்கும். மணிக்கணக்கில் போகிற மின்வெட்டில் கூடுதலாகக் கால் மணித்தியாலம் இழுத்துப் பிடிப்பதால் யாருக்கும் லாபமில்லை. முன்கூட்டியே அணைத்தால் பற்றரியில் பெரும்பங்கு மிஞ்சும். இங்கே கரண்ட் வந்து பத்து நிமிடத்தில் மறுபடி போவது சாதாரணம். வெறும் பற்றரியோடு எழும்பிய சேர்வர் அந்த இரண்டாவது வெட்டில்தான் அடிபடும். ஈய அமிலப் பற்றரி திரும்ப நிரம்பப் பல மணித்தியாலம் எடுக்கும்.

பிறகு அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கரண்ட் இருக்கும்போதே `upsmon -c fsd` கட்டளையை இங்கிருந்து ஓட்டினேன். சேர்வர் அணைந்து, யூபிஎஸ் ‘டக்’கென்று வெட்டி, கொஞ்சம் பொறுத்து இரண்டும் தாமாக எழும்ப வேண்டும். சேர்வர் அணைந்த பிறகும் அதன் நெட்வொர்க் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், யூபிஎஸ் வெட்டவில்லை என்று அர்த்தம். சில மலிவு மொடல்கள் வெட்டச் சொல்லும் கட்டளையைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படியானால் யூபிஎஸ்ஸை மாற்றுவதுதான் வழி.