ஸ்லாப் கமிஷன்ல நான் 51,200 எதிர்பார்த்தேன், வந்தது 29,000

சேல்ஸ் வேலைக்கு சேர்ந்து மூணாவது மாசம் நடந்தது இது. எனக்குக் குடுத்த கமிஷன் இப்படி: முதல் 2 லட்சம் வரைக்கும் 3%, 2 லட்சத்துக்கு மேல 5 லட்சம் வரைக்கும் 5%, 5 லட்சத்துக்கு மேல போனா 8%. அந்த மாசம் நான் 6,40,000க்கு வித்திருந்தேன். 5 லட்சத்தைத் தாண்டியாச்சு, அப்போ 8%தானேன்னு 6,40,000ஐ 8%ஆல பெருக்கி 51,200 வரும்னு நம்பி, அதை வச்சு ஒரு கடனையும் அடைச்சிடலாம்னு வீட்ல சொல்லிட்டேன். ஸ்லிப்ல வந்தது 29,000.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் நேரா சண்டைக்குப் போகாம ஆஃபர் லெட்டரை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். "ஒவ்வொரு ஸ்லாபிலும் அடங்கும் விற்பனைக்கு" அப்படின்னு இருந்துச்சு, "மொத்த விற்பனைக்கு"ன்னு இல்ல. விஷயமே இந்த ரெண்டு வார்த்தைலதான் இருக்கு. 8%ங்கறது 5 லட்சத்துக்கு மேல இருக்கற 1,40,000க்கு மட்டும்தான், கீழ இருக்கறதெல்லாம் அதோட பழைய ரேட்லயேதான் இருக்கும். அதனால முதல் 2 லட்சத்துக்கு 6,000, அடுத்த 3 லட்சத்துக்கு 15,000, மீதி 1,40,000க்கு 11,200, ஆக மொத்தம் 32,200.

லெட்டர்ல இது தெளிவா இல்லன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க, 5 லட்சம் வித்தா எவ்ளோ, 5,01,000 வித்தா எவ்ளோன்னு. ஸ்லாப் வாரியா போடறவங்க 21,000, 21,080ன்னு சொல்லுவாங்க, வித்தியாசம் வெறும் 80தான். மொத்தத்துக்கும் ஒரே ரேட் போடறவங்கன்னா 25,000ல இருந்து ஒரே தாவா 40,080க்குப் போகும். அப்படிப்பட்ட இடத்துல மாசக் கடைசில எல்லைக்கு 1,000 கம்மியா நின்னுட்டா பெரிய நஷ்டம், ஸ்லாப் வாரியா போடற இடத்துல அந்தப் பதட்டமே தேவையில்ல.

சரி, 51,200ன்னு நெனச்சது என் தப்பு. ஆனா 32,200 வரணுமே, 29,000தானே வந்திருக்கு? 3,200 எங்க போச்சு? இதை எக்செல்ல போட்டுப் பாத்தேன், A1ல விற்பனைத் தொகை:

```
=A1*3%+MAX(0,A1-200000)*2%+MAX(0,A1-500000)*3%
```

மொத்தத்துக்கும் 3% போட்டுட்டு, 2 லட்சத்துக்கு மேல இருக்கறதுக்குக் கூடுதலா 2%, 5 லட்சத்துக்கு மேல இருக்கறதுக்கு இன்னும் 3%, அவ்ளோதான். A1ஐ மாத்தி மாத்திப் பாத்ததுல 6,00,000 போட்டப்போ சரியா 29,000 வந்துச்சு. அப்போ என் விற்பனைல 40,000 கழிச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.

அக்கவுண்ட்ஸ் மேடம்கிட்ட போய்க் கேட்டேன். "போன மாச கஸ்டமர் ஒருத்தர் 40,000க்கு சரக்கு ரிட்டர்ன் பண்ணிட்டாருப்பா, அதான் இந்த மாசத்துல கழிச்சேன்"னாங்க. ரிட்டர்ன் ஆனதுக்குக் கமிஷன் கிடையாது, அது நியாயம்தான், ஆனா எந்த மாசத்துல கழிக்கறாங்கங்கறதுலதான் பிரச்சனை. போன மாசம் நான் வித்ததே 3,00,000தான், அதுக்கு வாங்கினது 11,000. அதுல 40,000 போனா 2,60,000, அதுக்கு 9,000. அதாவது அந்த ரிட்டர்ன் ஆன சரக்குக்கு நான் வாங்கினதே 2,000தான். இந்த மாசத்துல கழிச்சதால அது 8% ஸ்லாப்ல இருந்து போயிடுச்சு, 3,200 போச்சு. 5%ல வாங்கினதை 8%ல திருப்பிக் குடுத்திருக்கேன்.

ஒரு பேப்பர்ல ரெண்டு மாசக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினேன். மேடம் கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டு, "ஆமாம்பா, சரிதான், ஆனா ரிட்டர்னை எந்த மாசத்துல எடுக்கணும்னு லெட்டர்ல எதுவும் இல்லையே, மேனேஜர் சொன்னாதான் மாத்த முடியும்"னாங்க. அதுவும் உண்மைதான். மேனேஜர்கிட்ட அதே பேப்பரோட போனேன். "சார், நான் அதிகமா வித்த மாசத்துல ரிட்டர்ன் வந்தா எனக்கு நஷ்டம், இதே கம்மியா வித்த மாசத்துல வந்திருந்தா கம்பெனிக்கு நஷ்டம் சார்"னு சொன்னேன். ரெண்டாவதா சொன்னதுதான் அவருக்குப் பட்டுச்சுன்னு நெனக்கறேன், கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு சரின்னுட்டார்.

அடுத்த மாச ஸ்லிப்ல "முந்தைய ரிட்டர்ன் திருத்தம்"னு தனி வரில 1,200 வந்துச்சு. இப்போ எந்த மாசத்துல வித்ததோ அந்த மாசக் கணக்கைத்தான் திருத்தறாங்க. நானும் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் பக்கத்துல பில் தேதியை எழுதி வச்சுக்கறேன்.