ஆண்டறிக்கையில் 61 பேர்

எங்கள் பள்ளி பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆண்டு விழாவில் வரவேற்புரை முடிந்ததும் தலைமை ஆசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பது வழக்கம். விழா பிப்ரவரியில் வருவதால் அந்த அறிக்கையில் சொல்லும் தேர்ச்சி விகிதம் போன மே மாதம் வந்தது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு பள்ளிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போயிருப்பார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் மட்டும் தம்பி தங்கைகளின் நடனம் பார்க்கப் பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமை ஆசிரியராக இங்கே வந்த முதல் ஆண்டு, பழைய அறிக்கையின் அமைப்பிலேயே எழுதினேன். "பத்தாம் வகுப்பில் 56 மாணவர்கள் தேர்வெழுதி 54 பேர் தேர்ச்சி, விகிதம் 96.4" என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் தேர்வுக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலை எதேச்சையாகப் புரட்டினேன். அதில் 61 பெயர்கள் இருந்தன.

தேர்ச்சி விகிதத்தைத் தேர்வெழுதியவர்களை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். பெயர்ப் பட்டியலில் இருந்து, ஹால் டிக்கெட்டும் வந்து, தேர்வு நாளன்று வராமல் போன பிள்ளை அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. 61 பேருக்கு 54 என்று பார்த்தால் 88.5 தான். வராத ஐந்து பேரில் இரண்டு பையன்கள் பெற்றோருடன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் தக்காளி மண்டியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, இன்னொருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இந்த ஐவரைச் சொல்லாமல் விட்டால், அவர்களுக்காக மே மாத வெயிலில் அலைந்தவர்களுக்கு மேடையில் எதற்காக நன்றி சொல்கிறேன் என்பதே யாருக்கும் புரியாது. வராதவர்களும் துணைத் தேர்வு எழுதலாம் என்பது பல வீடுகளில் தெரியவில்லை. "வருசம் போச்சு, இனி என்ன" என்றுதான் நினைத்திருந்தார்கள். வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் இரண்டு அம்மாக்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மண்டி முதலாளியிடமும் பேசி அந்தப் பையனுக்குத் தேர்வு நாட்களில் விடுப்பு வாங்கினார்கள். ஐவரில் மூன்று பேர் துணைத் தேர்வு எழுதினார்கள், இருவர் தேறினார்கள். மார்ச்சில் தவறிய இருவரில் ஒருவரும் தேறினார். கடைசியில் 61க்கு 57.

அறிக்கையை இப்படித் திருத்தினேன்: "61 பேரைப் பதிந்தோம். 56 பேர் மார்ச்சில் எழுதி 54 பேர் தேறினார்கள். துணைத் தேர்வில் மேலும் மூவர் தேறினார்கள். நான்கு பேர் இன்னும் பாக்கி. அவர்களை நாங்கள் விடவில்லை." நாலைந்து வாக்கியம்தான் கூடியது. கூட்டத்தில் சலசலப்பு அடங்கி, பின்வரிசையில் நின்றிருந்த ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய பாட ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் வழக்கம். மார்ச்சில் தவறிய இருவரும் கணக்கில்தான் தவறினார்கள். அப்படியானால் கணக்கு ஆசிரியரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பொன்னாடை. ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 35 மதிப்பெண்ணைத் தொடாதவர்கள் 23 பேர். மூன்று மாதத்தில் அதை இரண்டாகக் குறைத்தவர் அவர். மாலை வகுப்பில் புத்தகம் முழுவதையும் திருப்பாமல், வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் கையில் எடுத்தார். ஸ்கேலும் கவராயமும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் நிச்சயம் என்பது அவர் கணக்கு. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் அரையாண்டில் தவறியவர்கள் எத்தனை, பொதுத் தேர்வில் எத்தனை என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வாசித்தேன். பொன்னாடை எல்லோருக்கும் ஒரே மாதிரி போர்த்தினோம்.

பெற்றோர் நன்றியில் "ஒத்துழைப்பு நல்கிய பெற்றோர்" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். என்ன ஒத்துழைப்பு என்று சொல்ல வேண்டாமா? ஜனவரியிலிருந்து மாலை வகுப்பு ஆறு மணி வரை நடந்தது. டவுன் பஸ் ஐந்தே முக்காலுக்குப் போய்விடும். அடுத்த ஊர்ப் பெண் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஏரிக்கரை வழியாக நடந்துபோவதைத் தவிர வழியில்லை. அந்த ஊர் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு பேராக டார்ச் லைட்டுடன் வந்து கூட்டிப் போனார்கள். களையெடுப்புக்குப் போய்விட்டு நேராக வந்தவர்களும் உண்டு. இதைத்தான் மேடையில் சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பெண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேசக்கூடாத பகுதி ஒன்றும் இருந்தது. முதல் வரைவில், வராத ஐவருக்கும் காரணங்களை எழுதியிருந்தேன், பெயர் இல்லாமல். வகுப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, "மேடம், கல்யாணம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், யார் வீடுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது சரி. நூறு தலைக்கட்டு உள்ள ஊரில் பெயரை மறைப்பதால் எதுவும் மறையாது. காரணங்களை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தேர்வெழுதித் தேறிய 54 பேரிலும் ஒரு பெண்ணுக்குத் தேர்வுக்கு முந்தைய பிப்ரவரியில் கல்யாண ஏற்பாடு நடந்தது. எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த தன்னார்வலர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, என்னிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினார். சமூக நலத்துறையிலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் வந்து பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். பெண் மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். யார் தகவல் சொன்னது என்று வீட்டாரிடம் அதிகாரிகள் சொல்லவில்லை. ஆனாலும் பத்து நாள் வரை அந்தத் தெருவில் அந்தக் கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். அதற்கு மேடையில் நன்றி சொல்ல முடியாது. "ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுத்த நல்ல உள்ளங்களுக்கு" என்று பொதுவாகச் சொன்னாலும் பந்தலில் நூறு கண்கள் தேட ஆரம்பிக்கும். அந்தப் பெண்ணின் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இப்போது மகள் பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளியிலேயே படிக்கிறாள், கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.

தன்னார்வலர்கள் பட்டியலை வாசித்தபோது 1098க்குப் பேசியவரின் பெயர் ஐந்தாவதாக வந்தது. "மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்டல் வேகவைத்துக் கொடுத்தவர்" என்று வாசித்தேன். அதுவும் உண்மைதான், வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தட்டை வாங்க மேடைக்கு வந்தார். தட்டைக் கொடுக்கும்போது அவர் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தேன். "விடுங்க டீச்சர், பார்க்கிறாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.