பாடிமிழ் என்பதில் ‘பாடி’ இல்லை: நீண்ட பாட்டை வகுப்புக்குப் பிரித்தெழுதும் வேலை

நூற்று மூன்று அடி முல்லைப்பாட்டை அப்படியே வகுப்பில் கொடுத்தால் மாணவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறும். ஆசிரியப்பா பத்தி பிரியாமல் ஓடுவது. அச்சுநூல்களில் ஐந்தடிக்கு ஒருமுறை ஓரத்தில் எண் இருக்கும், அவ்வளவுதான். அதனால் வகுப்புக்கென்று ஒரு தாள் தயாரிக்கிறோம். பாட்டைச் சிறு பகுதிகளாக வெட்ட வேண்டும், அடிக்கு எண் போட வேண்டும், சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். மூன்றும் எழுத்தர் வேலை போலத் தோன்றும். பொருள் தெரியாமல் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது என்பது நாலாவது அடியிலேயே தெரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது முதல் 17 அடிகள். பத்தாம் வகுப்புப் பாடநூலில் வந்ததும் இந்தப் பகுதிதான். தொடங்குமுன் தாளில் இரண்டு பத்திகள் வகுத்துக்கொள்வது நல்லது. இடப்பக்கம் சீர் வடிவம், வலப்பக்கம் சொல் பிரித்த வடிவம். பிரித்ததை எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிடுவது பலர் செய்கிற தவறு. ஆசிரியப்பாவில் பொதுவாக அடிக்கு நான்கு சீர். ‘கோடுகொண் டெழுந்த கொடுஞ்செல வெழிலி’ என்பது நான்கு சீர். ‘கோடு கொண்டு எழுந்த கொடுஞ் செலவு எழிலி’ என்று பிரித்தால் ஆறு சொல் ஆகிவிடும். பொருள் கண்ணுக்குத் தெரியும், ஓசை போய்விடும். இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் நிறுத்தி வாசிப்பார்கள். ஆகவே பிரித்த வடிவத்தில் பொருள் பார்த்த பிறகு, வாய்விட்டு வாசிக்க இடப்பக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

இடப்பக்கத்தைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. இந்தப் பதினேழு அடிகளில் ஒவ்வொன்றிலும் சரியாக மூன்று இடைவெளி இருக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த பாடங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி தவறும். யாரோ பாதி பிரித்துப் பாதி விட்ட பாடமாக இருக்கும் அது. ஒரே பாட்டில் ஓரடி புணர்ச்சியோடும் அடுத்த அடி பிரிந்தும் நிற்கும். அதன்மேல் நாமும் பிரிக்கத் தொடங்கினால் எது புலவர் சீர், எது தட்டச்சு செய்தவர் இடைவெளி என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. முதலில் ஓர் அச்சுப் பதிப்பை வைத்து இடப்பக்கத்தை முழுதும் சீராக்கிவிட்டுத்தான் வலப்பக்கத்தைத் தொட வேண்டும்.

இனிப் பிரிப்பு. நாலாம் அடி:

பாடிமிழ் பனிக்கடல் பருகி வலனேர்பு

‘பாடி மிழ்’ என்று பிரித்தால் மிழ் என்ற சொல்லே இல்லை என்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். ‘பாடி இமிழ்’ என்பதில்தான் ஏமாறுவார்கள். பாடி என்பது தெரிந்த சொல், கடல் பாடுகிறது என்று கவிதையாகவும் தோன்றும். ஆனால் பாடி + இமிழ் சேர்ந்தால் ‘பாடியிமிழ்’ என்று யகர உடம்படுமெய் வந்திருக்கும். இங்கே அது இல்லை. எனவே நிலைமொழி ‘பாடு’. ஒலி என்று பொருள். உயிர் வந்ததும் குற்றியலுகரம் ஓடிவிட்டது. பாடு இமிழ் பனிக்கடல் என்றால் ஒலி முழங்குகிற குளிர்ந்த கடல். அடி முடிவில் ‘வலன் ஏர்பு’, வலமாக எழுந்து. ‘வல நேர்பு’ என்று வெட்டினால் பொருள் கிடைக்காது.

இரண்டாம் அடியின் ‘மாதாங்கு தடக்கை’யும் இதே இனம். ‘மாது ஆங்கு’ என்று பிரித்தாலும் புணர்ச்சி விதிக்குக் குறை இல்லை. மாது என்று கண்டதும் ஒரு பெண்ணைத் தேடத் தொடங்குவார்கள். உண்மையில் ‘மா தாங்கு’: திருமகளைத் தாங்கும் கை. இலக்கணம் இரண்டு பிரிப்பையும் அனுமதிக்கும்போது தீர்ப்புச் சொல்வது தொடரின் பொருள்தான். திருமால் பேச்சு நடக்கிற அடி இது.

பதின்மூன்றாம் அடி இன்னும் பொல்லாதது. ‘உறுதுயர் அலமரல் நோக்கி யாய்மகள்’. சங்கப் பாட்டு கொஞ்சம் படித்தவருக்கு யாய் என்றால் தாய். ‘யாய் மகள்’ என்று பிரித்துவிட்டு, தாயின் மகள் என்று உரையும் எழுதிவிடலாம். ஆனால் அந்த ய் இரவல் எழுத்து. ‘நோக்கி’ இகரத்தில் முடிந்து அடுத்த சொல் ஆகாரத்தில் தொடங்குவதால் இடையில் வந்த உடம்படுமெய். அதை எடுத்தால் ‘நோக்கி ஆய்மகள்’. கட்டிக் கிடக்கும் கன்று தவிப்பதைப் பார்க்கிற இடைக்குலப் பெண். முதல் அடியில் ‘நனந்தலை யுலகம்’ என்பதிலும் இதே ய்தான். அங்கே யுலகம் என்று சொல் இல்லாததால் பிழை வராது. தவறான பிரிப்பும் நல்ல தமிழ்ச்சொல்லாக அமைந்துவிடுகிற இடத்தில்தான் கவனம் வேண்டும்.

சொல்லே இல்லாத துண்டுகளைப் பிடிக்க ஒரு சிறு உத்தி போதும். தமிழ்ச்சொல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தொடங்காது. ‘டார்ப்ப’, ‘ழலரி’, ‘றுய்த்தர’ என்று ஏதாவது வலப்பக்கத்தில் மிஞ்சியிருந்தால் அங்கே பிரிப்பு முடியவில்லை என்று அர்த்தம். கணினியில் அடிக்கு ஒரு வரியாகத் தட்டச்சு செய்திருந்தால், regex ஏற்கும் தேடல் பெட்டியில் இதைக் கொடுத்தால் போதும்:

```
(^|\s)[டணரலழளறன]
```

8, 10, 15 ஆம் அடிகளில் விட்டதெல்லாம் சிக்கிவிடும். ‘இனவண்டு ஆர்ப்ப’, ‘அரும்பு அவிழ் அலரி’, ‘பின் நின்று உய்த்தர’ என்று திருத்தலாம். யாய்மகளை மட்டும் இது பிடிக்காது. யாவில் சொல் தொடங்கலாமே.

எவ்வளவு தூரம் பிரிப்பது என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுவார்கள். எங்கள் வழக்கம் இது: விட்டுப்போன உகரத்தைத் திருப்பிக் கொடுப்பது, உடம்படுமெய்யை எடுப்பது, திரிந்த மெய்யைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது. ‘மருங்கிற் போகி’ என்பது ‘மருங்கில் போகி’ ஆகும். ‘மூதூர்’ அப்படியே இருக்கும். அதை ‘முதுமை ஊர்’ என்று எழுதினால் அது பாட்டின் வரி அல்ல, இலக்கணக் குறிப்பு. அதன் இடம் தாளின் அடிப்பகுதி. வேற்றுமை உருபைத் தனியே வெட்டுவதும் இல்லை. ‘நேமியொடு’, ‘நெல்லொடு’ ஒரே சொல்லாக நிற்கட்டும். ‘வலம்புரி’ சங்கின் பெயர், அதையும் தொட வேண்டாம்.

‘கொடுங்கோற் கோவலர்’ என்பதைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். சேர்த்து எழுதினால் கொடுங்கோல் ஆட்சிதான் நினைவுக்கு வரும். இங்கே அது வளைந்த கோல், மாடு மேய்ப்பவர் கையில் இருப்பது. ‘கொடுங் கோல் கோவலர்’ என்று எழுதுகிறோம். ‘கொடும்’ என்று மாற்றாமல் ங் அப்படியே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய அடி ‘நடுங்குசுவல்’ என்று தொடங்குகிறது. நடுங்கு, கொடுங் என்ற எதுகை கண்ணுக்கும் தெரியட்டும்.

அளபெடையில் ஒரு எழுத்தும் குறையக்கூடாது. ‘வளைஇ’, ‘மாஅல்’, ‘தூஉய்’ மூன்றையும் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறவர்கள் உண்டு. இடையில் இடைவெளி விட்டு ‘மா அல்’ ஆக்குகிறவர்களும் உண்டு. ‘மாஅல்’ இரண்டு அசை. ‘மால்’ என்று சுருக்கினால் ஓரசையாகி அந்தச் சீரே உடைந்துவிடும்.

பகுதி பிரிக்கிற வேலை கடைசியில். பதினேழு அடியும் 6, 5, 6 என்று இயல்பாகப் பிரிகின்றன. 1 முதல் 6 வரை மேகம் எழுந்து மழை பொழிந்த மாலை. 7 முதல் 11 வரை முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்பது. 12 முதல் ஆய்மகள் கன்றுக்குச் சொல்லும் சொல். ஆனால் 11ஆம் அடி ‘நிற்பச்’ என்று முடிகிறது. அந்த ச் அடுத்த அடியின் ‘சிறுதாம்பு’க்காக வந்தது. பகுதியை அங்கே வெட்டினால் வலப்பக்கத்தில் ‘நிற்ப’ என்று எழுதி, காற்புள்ளி போட வேண்டும். முற்றுப்புள்ளி கூடாது. நிற்ப என்பது எச்சம், வாக்கியம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 14ஆம் அடியின் கடைச்சொல் ‘கைய’வும் அடுத்த அடியோடு சேர்ந்தது: கையிலுள்ள கோல். பலர் அதை ‘கையள் கைய’ என்று ஒரே மூச்சில் வாசித்து நிறுத்திவிடுவார்கள். வலப்பக்கத்தில் ‘கையள்’ பிறகு ஒரு காற்புள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

17ஆம் அடியில்தான் எண்ணும் பொருளும் மோதிக்கொள்கின்றன. ‘நன்னர் நன்மொழி கேட்டனம்’ என்பதோடு செய்தி முடிகிறது. அதே அடியின் நாலாவது சீர் ‘அதனால்’ அடுத்த செய்தியின் தொடக்கம். பகுதி முடிவுக்காக அடியை உடைத்து ‘அதனால்’ என்பதற்கு 18 என்று எண் கொடுத்தால் அதற்குப் பிறகு கடைசி அடி வரை எல்லாம் ஓரெண் தள்ளிப்போகும். உரைநூலில் தேடுகிற மாணவர் வேறு அடியில் போய் நிற்பார். 17அ, 17ஆ என்று பிரித்துக்கொள்ளலாம், எண் மட்டும் நகரக்கூடாது. பிரித்த அடி நீண்டு தாளில் மடங்கி அடுத்த வரிக்குப் போனாலும் அதற்குப் புது எண் இல்லை.

பாட்டு முழுவதையும் எடுக்கிறவர்கள் 24 முதல் 79 வரையுள்ள பாசறைப் பகுதியை உள்ளுக்குள் மேலும் பிரிப்பார்கள், அதில் சிக்கல் குறைவு. கடைசிப் பகுதியில் கவனம் தேவை. ‘அஞ்செவி நிறைய ஆலின’ என்பது 89ஆம் அடி. ஆலின எவை என்பதற்குரிய ‘மாவே’ 103ஆம் அடியின் கடைச்சொல். வினைமுற்று முன்னால், எழுவாய் பதினான்கு அடி தள்ளி. அந்த இடைவெளியில் பகுதியை வெட்டினால் குதிரை ஒரு தாளிலும் கனைப்பு வேறு தாளிலும் இருக்கும். வேறு வழியில்லாமல் வெட்டினால் 89க்குப் பக்கத்தில் ‘ஆலின → மா (103)’ என்று ஓரக்குறிப்பு எழுதிவிட வேண்டும்.

நச்சினார்க்கினியர் உரையை அருகில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவர் மாட்டு என்ற பெயரில் தொலைவிலுள்ள தொடர்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதை மறுத்து, பாட்டு கிடந்தபடியே பொருள் கொண்டார். யார் பக்கம் நின்றாலும் வகுப்புத்தாளில் அடிகள் புலவர் வைத்த வரிசையிலேயே இருக்க வேண்டும். கூட்டிப் பொருள் சொல்லும் வரிசை வேண்டுமென்றால் மூன்றாவது ஒரு பத்தியில் உரைநடையாக எழுதி, ஒவ்வொரு தொடருக்கும் அதன் பழைய அடி எண்ணை அடைப்புக்குள் போட்டுவிடலாம்.