வேணாம் என்று சொல்லும் வாய்

பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் பெண்களைப் பற்றி ஒரு குறும்படம் செய்தோம். மனிதர்கள் நடிக்கும் படம் இல்லை, பொம்மையை ஒவ்வொரு படமாக அசைத்து எடுக்கும் ஸ்டாப் மோஷன். கதையில் ஒரு கிழவி வருகிறாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும் ஒரு காலையில் பேத்தியிடம் அவள் பேசும் வசனம்தான் முக்கியம். முதலில் "வேணாம்" என்கிறாள். பேத்தி கேட்காமல் பையைத் தூக்குகிறாள். அப்புறம், "இன்னைக்குப் போக வேணாம்மா". இந்த இரண்டு வரிக்காக அந்தப் பொம்மையின் தலையை நான் 3 முறை கட்டினேன்.

உடம்பு சுலபமாக வந்தது. உயரம் 22 சென்டிமீட்டர். 1.5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் கைக்கு இரண்டு இழை, காலுக்கும் முதுகுக்கும் மூன்று இழை. ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாக முறுக்கினேன். இறுக்கி முறுக்கினால் கம்பி அப்போதே விறைத்துவிடும், பிறகு சீக்கிரம் முறியும். எலும்பு இருக்கும் இடங்களில் எம்சீல் பூசி, முட்டி, முழங்கை போன்ற வளையும் இடங்களை மட்டும் வெறுங்கம்பியாக விட்டேன். பாதத்தில் ஒரு நட்டைப் புதைத்தேன், மேசைக்கு அடியிலிருந்து போல்ட்டால் முடுக்கி நிறுத்துவதற்கு. விரல்களுக்கு வேலை குறைவு. பாசி எடுப்பவர்கள் பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். அதே துணி கம்பியை மறைத்துக்கொண்டது.

சிக்கல் முகத்தில் தொடங்கியது. இந்தப் பொம்மைக்கு வாயை அசைக்க முடியாது, பேச வைக்க முகத்தையே மாற்ற வேண்டும். கண்ணுக்குக் கீழே மூக்கோடு சேர்த்து முகத்தைப் பிரித்தேன். மேல் பாதி நெற்றியும் புருவமும், கீழ்ப் பாதி கன்னமும் வாயும் மோவாயும். கீழ்ப் பாதிக்கு ஒரு மூல உருவம் செய்து, சிலிக்கோன் அச்சில் ரெசின் ஊற்றி 9 பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் வாயை மட்டும் தனித்தனியாகச் செதுக்கினேன். தனித்தனியாக வனைந்தால் கன்னம் எதிலும் ஒன்றுபோல் வராது, பேசும்போது முகமே கொதிக்கிற மாதிரி தெரியும். வண்ணமும் அப்படித்தான். ஒரே கிண்ணத்தில் கலந்து, ஒரே நாளில் எல்லா முகத்துக்கும் பூசிவிட வேண்டும்.

முகத்தைத் தலையில் பிடித்து வைக்கக் காந்தம். முதலில் 6 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தங்களை இரண்டு பக்கமும் வைத்தேன். முகம் 'டக்' என்று ஒட்டியது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது கிழவி பேசப் பேசத் தலை மெல்ல முன்னால் சாய்ந்துகொண்டே போனது. காரணம் பிடிபட அரை நாள் ஆனது. ஒவ்வொரு முறை முகத்தைப் பிடுங்கும்போதும் கழுத்துக் கம்பி ஒரு மயிரிழை முன்னால் வருகிறது. 20 முறை பிடுங்கினால் அது கண்ணுக்குத் தெரியும் தூரம். கழுத்து தாங்கும் பலத்தைவிடக் காந்தத்தின் பிடி பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் படப்பிடிப்பின் நடுவில் கழுத்தே முறிந்தது. எம்சீல் முடிந்து வெறுங்கம்பி தொடங்கும் விளிம்பில்தான் முறியும், ஏனென்றால் வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது. முறிவதற்கு முன்பே அறிகுறி இருந்தது. தலையைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் அது நின்ற இடத்தில் நிற்காமல் லேசாகத் தளர்ந்து இறங்கியது. உள்ளே இழைகளில் ஒன்று போயிருந்தால் அப்படித்தான் இருக்கும். அதைக் கவனித்தும் இந்த ஷாட் முடியட்டும் என்று விட்டது தவறு.

இரண்டாவது தலையில் காந்தம் 4 மில்லிமீட்டர், தலைப் பக்கம் மட்டும். முகத்தின் பின்புறம் காந்தத்துக்குப் பதில் தகரத் துண்டு. முகம் 3 கிராம்கூட இல்லை, அந்தப் பிடி அதற்குப் போதும். ஆனால் தகரத்தில் முகம் வழுக்கும், ஆகவே இடம் மாறாமலிருக்க இரண்டு பித்தளை முளைகளும் அவை நுழையத் துளைகளும் வைத்தேன். கழுத்தில் வெறுங்கம்பியை 8 மில்லிமீட்டராகக் குறைத்து, அடிமுனையைப் பித்தளைக் குழாயில் செருகிச் சிறு திருகால் இறுக்கினேன். முறிந்தால் கழுத்தை மட்டும் மாற்றலாம். முகத்தை எடுக்கும்போது மறு கையின் விரல் பிடரியைத் தாங்க வேண்டும் என்பதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். கடற்கரைக் காற்றில் தகரம் இரண்டே வாரத்தில் துரு கண்டது. நகப்பூச்சு இரண்டு கை பூசியதும் நின்றது.

அப்புறம்தான் வாய். என்னிடம் இருந்தது எந்த ஒலிக்கு எந்த வாய் என்று காட்டும் வரைபடம், அதுவும் ஆங்கிலத்துக்கானது. அதில் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டும் வாய் ஒன்று உண்டு. அதை நம் 'த'வுக்கு வைத்தால் கிழவி வார்த்தைக்கு வார்த்தை நாக்கை நீட்டுகிறாள். தமிழில் நாக்கு பல்லுக்குப் பின்னால்தான் தொடுகிறது, வெளியே வராது. தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பார்த்தேன். உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறக்கும், பகரமும் மகரமும் இதழ் இயைந்து, வகரம் பல்லும் இதழும் இயைந்து. ஒரு பொம்மைக்காரனுக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டாம். அதை வைத்து மூடிய வாய், பல் தெரியும் வாய், அ, ஆ, இ, எ, ஒ, உ, வ என்று 9 முகங்களைத் திரும்பச் செய்தேன்.

குரல் கொடுத்தது பாசி எடுக்கும் ஒரு பெரியம்மா. சோதனை ஓட்டத்தைப் போட்டுக் காட்டினேன். முதல் "வேணாம்" முடிந்ததும் அவர் சொன்னார்: "தம்பி, நான் வாயை மூடலையே. இது மூடுதே." திரும்பக் கேட்டேன். உண்மைதான். பேச்சில் கடைசி 'ம்' உதட்டுக்கு வருவதே இல்லை. 'வேணா' என்று வாய் திறந்தபடி மூக்கில் கரைகிறது. நான் காதை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்து அட்டவணை போட்டிருந்தேன். ஆனால் அடுத்த வரியின் "வேணாம்மா"வில் அதே மகரம் இரட்டிக்கிறது, உதடு அழுத்தமாக மூடுகிறது. மறுப்பு கெஞ்சலாக மாறுவது அந்த மூடிய உதட்டில்தான் தெரிகிறது.

சரி, அந்த இரண்டாவது வரி முழுவதையும் திரும்பக் காதால் பிரித்தேன். விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம், ஆக விநாடிக்கு 12 முகம். வரி 40 ஃபிரேம், 20 முகம். "இன்ன" 3. "க்கு" 3, ஆனால் அவர் சொன்னது 'க்கி', அதனால் நான் வைத்திருந்த குவிந்த உதட்டை எடுத்துவிட்டு இகர வாய். அடுத்து மூடிய வாய் 1. அட்டவணையில் "குப் போக" என்று வலி மிகுந்ததைப் பார்த்து 2 வைத்திருந்தேன், அவர் குரலில் இரட்டிப்பு இல்லை. "போ" 3, "க" 1, "வே" 3, "ணா" 2. பிறகு "ம்ம" மூடிய வாய் 2, அதற்குக் குறைந்தால் இரட்டிப்பைக் கண் பிடிக்காது. கடைசி "ஆ" 2. மூடிய வாய்களை மட்டும் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னதாகத் தள்ளினேன். சரியாக ஒலியோடு வைத்தால் தாமதமாகத் தெரிகிறது. உயிரெழுத்தில் ஒரு வாய் விட்டுப்போனால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், உதடு மூட வேண்டிய இடத்தில் திறந்திருந்தால் குரல் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

மூன்றாவது தலை இதற்காகத்தான். மூடிய வாய் முகமே இரண்டு தேவைப்பட்டது. 'போ'வுக்குச் சாதாரணமாகத் தொடும் உதடு, 'ம்மா'வுக்கு உள்ளே இழுத்து அழுத்திய உதடு. பெரியம்மா இரண்டாம் முறை பார்த்தபோது எதுவும் சொல்லவில்லை, பேத்தி என்ன பதில் சொல்வாள் என்று மட்டும் கேட்டார். பேத்தியின் முகம் கிழவியினுடையதில் பாதி. 4 மில்லிமீட்டர் காந்தம் அதில் அடங்கவில்லை, இப்போது 2 மில்லிமீட்டரில் முயன்றுகொண்டிருக்கிறேன்.