லால்பாக் பாறைக்கு இரண்டு முறை

பெங்களூரில், அல்சூர் பக்கத்துப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகளிலிருந்து வருபவர்கள். சென்ற டிசம்பரில் நாற்பத்திரண்டு பேரை லால்பாக்குக்கு அழைத்துச் சென்றோம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் மட்டும் தனியாக ஒரு முறை போய் வந்தேன். அந்த முதல் பயணம் இல்லாதிருந்தால் இரண்டாவது பயணத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

லால்பாக் என்றால் பலருக்கும் கண்ணாடி மாளிகையும் மலர்க் கண்காட்சியுமே நினைவுக்கு வரும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் அந்தக் கண்காட்சி வாரங்களில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது தலையை எண்ணிக்கொண்டே நாளைக் கழிப்பதற்குச் சமம். ஆகவே ஆகஸ்டையும் ஜனவரியையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். நான் காட்ட நினைத்தது பூவை அல்ல, கெம்பேகௌடாவின் சிறு கோபுரம் நிற்கும் அந்தப் பாறையை. சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான நீஸ் வகை உருமாறிய பாறை அது. இவ்வகைப் பாறைக்குத் தீபகற்ப நீஸ் என்ற பெயரை 1916இல் மைசூர் புவியியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் சூட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்து, ஒரு பலகையும் வைத்திருக்கிறது.

அந்தப் பலகைதான் முந்தைய ஆண்டு எங்களைக் கவிழ்த்தது. “பாறையின் பழமையை அறிதல்” என்று கற்றல் நோக்கம் எழுதியிருந்தோம். பிள்ளைகள் நேராகப் பலகையிடம் போனார்கள், எழுதியிருந்ததைப் பார்த்து எழுதினார்கள், மீதி நேரம் ஏரிக்கரையில் வாத்து பார்த்தார்கள். குறிப்பேடுகள் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியங்கள் இருந்தன. குறை பிள்ளைகளுடையது அல்ல. வகுப்பறையில் உட்கார்ந்தபடியே அடையக்கூடிய நோக்கத்தை எழுதிவிட்டு அவர்களைப் பேருந்தில் ஏற்றியது நாங்கள்தான். இந்த முறை நோக்கத்தை ஒன்றாகச் சுருக்கினேன்: “ஒரு அடிச் சதுரப் பாறைப் பரப்பில் வெளிர் பட்டைகளையும் கரும் பட்டைகளையும் வேறுபடுத்தி வரைந்து, அவை பட்டைகள்தாம் என்பதற்கு ஒரு சான்றாவது சொல்வர்.” செய்தார்களா இல்லையா என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலகையைக் கடைசியில் மட்டுமே காட்டுவது என்றும் முடிவு செய்தேன்.

முன்பார்வைக்கு, பிள்ளைகளோடு போகவிருக்கும் அதே வியாழக்கிழமை, அதே காலை வேளையைத் தேர்ந்துகொண்டேன். ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் தாண்டி லால்பாக்கில் இறங்கினேன். பிள்ளைகளையும் இப்படியே கூட்டி வந்தால் செலவு மிச்சமே என்ற எண்ணம் மெஜஸ்டிக் படிக்கட்டிலேயே கரைந்துவிட்டது. வேலைக்கு விரையும் கூட்டத்துக்கு நடுவே, கதவு மூடுவதற்குள் நாற்பத்திரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாடகைப் பேருந்து என்று அங்கேயே எழுதிக்கொண்டேன்.

பாறையின் மேல் ஏறியபோது நல்ல வெயில். ஒரு சொட்டு ஈரமில்லை. எங்கள் பழைய ஆபத்து மதிப்பீட்டுத் தாளில் “மழை பெய்தால் பாறை வழுக்கும்” என்ற ஒரு வரி இருந்தது, அதனால் அன்று வழுக்குவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சரிவில் இறங்கும்போது வலது கால் சட்டென்று முன்னால் போய், உட்கார்ந்த நிலையில் இரண்டடி சறுக்கினேன். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தால், கடுகு அளவிலான மணல். பாறையே பல காலமாக உதிர்த்த பருமணல் அது. வழவழப்பான சரிவின் மேல் கேழ்வரகைக் கொட்டி வைத்தது போலக் கிடந்தது. மழை பெய்தால் கழுவிப் போய்விடும் என்பதால் காய்ந்த நாளில்தான் இந்த ஆபத்து அதிகம். என் செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருந்ததும் ஒரு காரணம்.

எங்கள் மதிப்பீட்டு முறை எளியது. ஒன்று நடக்கக்கூடிய வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, நடந்தால் விளையும் கேட்டுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்து இரண்டையும் பெருக்குவோம். சறுக்கி விழுவதற்கு வாய்ப்பு 4, கேடு 3, ஆக 12. பிறகு, உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் கேன்வாஸ் ஷூ கட்டாயம், செங்குத்தான பக்கம் போகக் கூடாது, மேலே சமதளமான பகுதியில் மட்டுமே வேலை என்று வைத்ததும் வாய்ப்பு 2 ஆகக் குறைந்து பெருக்கல் 6 ஆனது. கேட்டின் எண்ணை மாற்றவில்லை, ஏனென்றால் ஷூ விழாமல் காக்குமே தவிர, விழுந்தவரின் மணிக்கட்டைக் காக்காது. தலைமையாசிரியை பார்வைக்குத் தாள் அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டு எண்களையுமே குறைத்து எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன்.

அண்ணாந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பிட உட்காரலாம் என்று நினைத்திருந்த பெரிய மரத்தின் கிளைக்கு அடியில், முறம் அளவுக்கு மலைத்தேனீக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. தேனீக்கு வாய்ப்பு 2 தான், ஆனால் கேடு 5. கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் உயிராபத்து. சாப்பிடும் இடத்தை வேறு பக்கத்துக்கு மாற்றினேன். கல் எறியக் கூடாது, கலைந்தால் கையை வீசக் கூடாது, முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும், தண்ணீரில் குதிக்கக் கூடாது என்பவற்றை முந்தைய நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 108 ஆம்புலன்ஸை அழைத்தால் எந்த வாயிலைச் சொல்வது என்பதையும் ஒவ்வொரு பெரியவரின் தாளிலும் எழுதினேன், தோட்டத்துக்கு நான்கு வாயில்கள் இருப்பதால்.

ஒப்புதல் சீட்டில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பழைய சீட்டில் “என்ன நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல” என்று ஒரு வரி இருந்தது. பெற்றோர் அதில் கையெழுத்திட்டுவிட்டதால் எங்கள் கவனக்குறைவு எங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது, ஆகையால் அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எங்கே போகிறோம், எதில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், சறுக்கும் பாறையும் தேனீயும் உண்டு, அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்தால்தானே அது ஒப்புதல்.

“ஏதேனும் நோய் உண்டா?” என்ற கேள்விக்கு முந்தைய ஆண்டு எல்லோரும் “இல்லை” என்றே எழுதியிருந்தார்கள். வீசிங்கை எந்த வீட்டிலும் நோய் என்று சொல்வதில்லை. “கடந்த ஓராண்டில் மூச்சிரைப்புக்கு மருந்தோ இன்ஹேலரோ பயன்படுத்தியதுண்டா? தேனீ கொட்டி உடம்பு தடித்ததுண்டா?” என்று மாற்றியதும் முதல் கேள்விக்கு மூன்று “ஆம்”, இரண்டாவதற்கு ஒன்று வந்தன. அவசர எண்ணிலும் இப்படித்தான் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு மாணவியின் தாய் சீட்டைக் கொடுக்க வந்தபோது, “இந்த நம்பருக்குக் கூப்பிட்டா எடுக்க முடியாது டீச்சர், கார்மெண்ட்ஸ்ல உள்ள போகும்போதே போனை வாங்கி வெச்சுக்குவாங்க, பக்கத்து வீட்டு அக்கா நம்பர் எழுதிக்கோங்க” என்றார். அன்று மாலையே, காலை எட்டரைக்கும் பகல் ஒன்றரைக்கும் இடையில் எடுக்கக்கூடிய எண்தானா என்று மற்ற எல்லா எண்களையும் பேசிச் சரிபார்த்தோம். ஒன்பதை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு சீட்டுகளில் ஒரே ஊதா மைப் பேனாவில், ஒரே சாய்வில் கையெழுத்து இருந்ததும் அந்தச் சரிபார்ப்பில்தான் பிடிபட்டது. இரண்டு தகப்பன்மார்களுக்கும் பயணம் பற்றியே தெரியாது. பையன்களைத் திட்டவில்லை, புதுச் சீட்டு கொடுத்து அனுப்பினேன்.

பயண நாளன்று ஆறு பேருக்கு ஒரு பெரியவராக ஏழு குழுக்கள்: நான்கு ஆசிரியர்கள், மூன்று தாய்மார்கள். பேருந்தில் ஏறும்போது, இறங்கியதும், பாறையடியில், மீண்டும் ஏறும்போது என நான்கு முறை எண்ணினோம். மொத்தமாக எண்ணாமல் ஒவ்வொருவரும் தன் ஆறு பேரை மட்டும் எண்ணிச் சொன்னதால் குழப்பமில்லை. ஒரு பையன் தேய்ந்த அடிப்பாகமுள்ள ஷூவோடு வந்திருந்தான். அவனுடைய குழு மட்டும் பாறையின் அடிவாரத்திலேயே சதுரம் போட்டது.

ஒவ்வொரு குழுவிடமும் அட்டையில் வெட்டிய ஒரு அடிச் சதுரச் சட்டம் ஒன்று. அதைப் பாறைமேல் வைத்து, உள்ளே தெரிவதை மட்டும் வரைய வேண்டும். சுத்தியலுக்கு இடமே இல்லை. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த வெளிர் பட்டை, கருப்பு மைக்கா மிகுந்த கரும் பட்டை என்று வகுப்பில் சொன்னது எளிதாக இருந்தது. பாறைமேல் மூன்று குழுக்கள் கரும் பட்டை என்று வரைந்தவை மழைநீர் வழிந்த கறைகள். முன்பார்வையில் நானே அதில் ஏமாந்திருந்ததால் விடையைச் சொல்லாமல், “தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும்?” என்று மட்டும் கேட்டேன். கறை எப்போதும் சரிவோடு கீழே இறங்கும். பட்டைக்குச் சரிவைப் பற்றிக் கவலையில்லை. ஒரு மாணவி தன் வெளிர் பட்டை மற்றவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைக் காட்டி, “இது மட்டும் ஏன் மிஸ் கோணலாப் போகுது?” என்றாள். அது பட்டை அல்ல, பிறகு விரிசலில் புகுந்து இறுகிய நரம்பு. எதை வெட்டுகிறதோ அதைவிட வயதில் இளையது. என் திட்டத்தில் இல்லாத அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகப் பலகைக்கு ஒதுக்கியிருந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

தொடர்பணியாக “லால்பாக்கில் ஒரு நாள்” என்ற கட்டுரையைக் கேட்கவில்லை. வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு கல்லை, அம்மியோ ஆட்டுக்கல்லோ துவைகல்லோ, அதே சட்ட அளவில் வரைந்து, பட்டை உண்டா இல்லையா, அந்த முடிவுக்கு என்ன ஆதாரம் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஒரு வாரம் அவகாசம். பயணத்துக்கு வராத இருவருக்கும் அதே பணிதான், லால்பாக் புகைப்படம் ஒன்றோடு. ஆதாரம் இல்லாத சரியான விடைக்குப் பாதி மதிப்பெண், ஆதாரத்தோடு கூடிய தவறான விடைக்கு முக்கால் மதிப்பெண் என்று முன்னதாகவே அறிவித்திருந்தேன்.

அம்மி கொத்தப்பட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் எழுதினார்கள். ஊதா மைக் கையெழுத்துக்காரர்களில் ஒருவன் தன் தெருச் சாக்கடையை மூடியிருக்கும் கற்பலகையை வரைந்திருந்தான். படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தான்: “மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஓரத்தில் மட்டும் இரண்டு கரும் கோடுகள் தெரிகின்றன. பலகை படுத்துக் கிடப்பதால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்ல முடியவில்லை. ஆகவே பட்டை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.”